பி.எம்.ஐ: பெயரில் இல்லாத உயரம்

சித்தி ஒரு மருத்துவ முகாமுக்குப் போய்விட்டு முகம் வாடி வந்தார். கையில் இருந்த அட்டையில் எடை 57.5 கிலோ, உயரம் 150 செ.மீ., பி.எம்.ஐ 25.6 என்று எழுதி, பக்கத்தில் ‘உடற்பருமன்’ என்று குறித்திருந்தார்கள். “அந்த எடை மெஷின் சரியில்லையோ?” என்று கேட்டார். எல்லோருக்கும் முதலில் வருகிற சந்தேகம் அதுதான். உயரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதற்கு பி.எம்.ஐ என்ற பெயரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலப் பெயரில் மூன்று சொற்கள்: பாடி, மாஸ், இன்டெக்ஸ். மாஸ் என்பதன் வேர் கிரேக்க மொழியில் பிசைந்த மாவையும் பார்லி அடையையும் குறித்த சொல். அது ‘திரண்ட கட்டி’ என்ற பொருளுக்கு வந்து, பிறகு இயற்பியல் கலைச்சொல் ஆனது. இன்டெக்ஸ் என்பது லத்தீனில் சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல். நம்முடைய ‘சுட்டு’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

தமிழில் இப்போது இரண்டு வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டில் ‘உடல் நிறை குறியீட்டெண்’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் ‘உடற்திணிவுச் சுட்டி’ என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாஸ் என்பது நிறை, வெயிட் என்பது எடை. இலங்கைப் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு, வெயிட்தான் நிறை. ஒரே ‘நிறை’ இரண்டு கரைகளிலும் இரண்டு கலைச்சொல்லாக நிற்கிறது. ஆகவே ‘உடல் நிறை’ என்று படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது எடையாகத்தான் தெரியும். நல்லவேளையாக, தராசு கிலோவில் காட்டும் எண்ணைத்தான் இந்தக் கணக்கில் போடுகிறோம் என்பதால் விடை மாறாது.

குறியீட்டெண் என்பது விலைவாசிக்குப் பழகிய சொல். ‘குறியீடு’ என்றால் அடையாளம் என்ற பொருளும் வந்து சேர்கிறது. சுட்டுவதே இந்த எண்ணின் வேலை. ஆகவே என் தேர்வு ‘உடல் நிறைச் சுட்டெண்’. ‘உயரத்துக்கேற்ற எடை’ என்று வைத்தால் எளிதாக இருக்குமே என்று நினைத்ததுண்டு. ஆனால் குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பார்க்கும்போது அந்தப் பெயரில் வேறொரு அளவை ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் குழப்பக் கூடாது.

எந்தப் பெயரை எடுத்தாலும் அதில் உயரம் இல்லை. கணக்கில் அது இருமுறை இருக்கிறது:

பி.எம்.ஐ = எடை (கிலோ) ÷ (உயரம் × உயரம்) (மீட்டரில்)

ஏன் இருமுறை? பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் மனித உடல்களின் அளவுகளைத் திரட்டிப் பார்த்தார். உயரமானவர் குட்டையானவரை அப்படியே எல்லாப் பக்கமும் பெரிதாக்கிய உருவமாக இருந்தால், எடை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூட வேண்டும். வளர்ந்தவர்களிடம் அது ஏறக்குறைய இருமடிக்கு ஏற்பத்தான் கூடியது. அவர் தேடியது சராசரி மனிதனின் அளவுகளை, கொழுப்பை அல்ல. இந்தக் கணக்கு நெடுங்காலம் கெட்லே சுட்டெண் என்றே வழங்கியது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் பல நாட்டு ஆண்களின் அளவுகளில் பல கணக்குகளை ஒப்பிட்டு இதைத் தேர்ந்து, இன்றைய பெயரை இட்டார்கள். உயரத்தின் சாயல் அதிகம் படியாமல், தோலடிக் கொழுப்போடு ஓரளவு ஒத்துப்போனது என்பதே காரணம். அப்போதுதான் கெட்லேயின் பெயர் போய், நிறை என்ற சொல் முன்னால் வந்து நின்றது.

இருமடியின் விளைவு இதுதான்: உயரத்தில் 1 விழுக்காடு பிழை வந்தால் சுட்டெண்ணில் சுமார் 2 விழுக்காடு பிழை வரும். எடையில் 1 விழுக்காடு பிழைக்கு 1 விழுக்காடுதான்.

சரி, சித்தியின் அட்டைக்கு வருவோம். வீட்டில் மறுபடி அளந்தேன். தரையோரம் பட்டை ஒட்டாத சுவர் வேண்டும். பட்டை துருத்திக்கொண்டிருந்தால் குதிகால் சுவரைத் தொடாது. செருப்பைக் கழற்றச் சொல்லி, கொண்டையையும் அவிழ்க்கச் சொன்னேன். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படிய நிற்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருந்தால் தலை சரியாக இருக்கிறது. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்கோணமாக வைத்து, முடியை அழுத்தித் தலையில் அமர்த்தி, அடிவிளிம்பில் பென்சில் கோடு போட்டேன். பிறகு துணி டேப்பை விட்டுவிட்டு இரும்பு டேப்பால் தரையிலிருந்து அளந்தேன். இரண்டு முறையும் 152 செ.மீ.

57.5-ஐ 1.52 × 1.52 ஆல் வகுத்தால் 24.9. இந்தியாவில் மருத்துவர்கள் பலர் 23-இலிருந்து கூடுதல் எடை, 25-இலிருந்து உடற்பருமன் என்று கொள்கிறார்கள். 2 செ.மீ. சித்தியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. 152 செ.மீ. உயரத்திலேயே 25.6 வர வேண்டுமென்றால் அவர் ஏறக்குறைய 59 கிலோ இருக்க வேண்டும். அதாவது 2 செ.மீ. பிழை ஒன்றரை கிலோ எடைப் பிழைக்குச் சமம்.

அந்த 2 செ.மீ. எங்கே போனது? முகாமில் சுவரில் ஒட்டிய டேப்பின் பூஜ்ஜியம் தரையைத் தொடாமல் மேலே இருந்ததைப் பார்த்ததாகச் சித்தி சொன்னார். அப்படி இருந்தால் வருகிற எல்லோருமே ஒரே அளவு குட்டையாவார்கள், எல்லோருடைய சுட்டெண்ணும் ஏறும். இத்தகைய ஒருபக்கப் பிழையை, திரும்பத் திரும்ப அளந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நீளம் தெரிந்த ஒரு கோலைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். தலையைத் தூக்குவது, குதிகாலைத் தூக்குவது போன்றவை ஆளுக்கு ஆள் மாறும் பிழைகள். அவற்றை இரண்டு மூன்று முறை அளந்து குறைக்கலாம். நாளின் நேரமும் உண்டு. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இருக்கும் உயரம், முதுகெலும்பின் வட்டுகள் அமுங்குவதால் மாலைக்குள் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைவது வழக்கம். அது அளப்பவரின் தவறல்ல.

எழுதும்போது வரும் பிழை இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. 5 அடி 10 அங்குலத்தை நாம் 5.10 என்று எழுதுகிறோம். அதைக் கணினி 5.1 அடி என்று படித்தால் 177.8 செ.மீ. மனிதர் 155.4 செ.மீ. ஆகிவிடுவார். எடை 70 கிலோ என்றால் 22.1 ஆக இருக்க வேண்டிய சுட்டெண் 29 ஆகிவிடும். ஒரு பட்டியலில் 5 அடி 9 அங்குலக்காரர் உயரமாகவும் 5 அடி 10 அங்குலக்காரர் குட்டையாகவும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

அப்புறம் வயதானவர்கள். எடையை ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள், உயரத்தைப் பழைய அட்டையிலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இளமையில் 160 செ.மீ. இருந்து, முதுகு கூனி இப்போது 155 செ.மீ. என்றால், பழைய உயரத்துக்கு 23.4, இன்றைய உயரத்துக்கு 25.0 வரும். இங்கே இரண்டு உயரமும் சரியாக அளந்தவைதான். கொழுப்பு ஒரு கிராம்கூடக் கூடாமல் சுட்டெண் ஏறியிருக்கிறது. இவரிடம் இடுப்புச் சுற்றளவையும் பார்த்துவிட்டுத்தான் நான் பேசுவேன். உயரம் குறைந்ததே எலும்பு தேய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், பழைய எண்ணை அடித்துவிடாமல் இரண்டையும் தேதியோடு எழுதிவைப்பேன். சித்தியின் அட்டையிலும் 150-ஐ அடிக்கவில்லை. கீழே 152 என்று எழுதி, எந்தத் தேதி, எந்தச் சுவர் என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன்.