தெளிந்த தண்ணீருக்கு முதல் பரிசு: பள்ளி அறிவியல் கண்காட்சியில் மதிப்பெண் போடுவது பற்றி

நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் நடுவராகக் கூப்பிடுவார்கள், போவேன். சில வருடம் முன்பு அப்படிப் போன ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புளோரைடு நீக்கும் வடிகட்டி வைத்திருந்தான். இரண்டு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து, ஜல்லி, மணல், அடுப்புக்கரி, மேலே பஞ்சு. போர் தண்ணீரில் செம்மண்ணைக் கலக்கி ஊற்றுவான், கீழே பளிங்கு மாதிரி தண்ணீர் வரும். பேச்சும் நன்றாக இருந்தது. நாங்கள் மூன்று நடுவர்களும் சேர்ந்து முதல் பரிசு கொடுத்தோம்.

கிளம்பும்போது ஒரு அம்மா வந்து, "சார், இதை வீட்டிலேயே செஞ்சு வெச்சுக்கலாங்களா? எங்க போர் தண்ணியில பசங்களுக்குப் பல்லெல்லாம் பழுப்பாயிடுச்சு" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. புளோரைடு தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்பு. மண் போனால் தண்ணீர் தெளியும், ஆனால் மணலும் அடுப்புக்கரியும் புளோரைடைப் பிடித்து வைக்காது. இது என் தொழில், எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஹாலில் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம் இது புளோரைடுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, ஊற்றுவதற்கு முன் இருந்த தண்ணீரையும் வடிகட்டிய தண்ணீரையும் இரண்டு பாட்டிலில் எடுத்துப் போய் மறுநாள் பார்த்தேன். முதலாவது லிட்டருக்கு 2.4 மில்லிகிராம், இரண்டாவது 2.3. அந்த வித்தியாசம் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயப்படி 1.0 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர் தண்ணீர் அதைத் தாண்டுகிறது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்து அன்றைய மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன். மாதிரியின் தோற்றம் 30, புதுமை 20, சமுதாயப் பயன் 20, விளக்கும் திறன் 20, குழு ஒற்றுமை 10. அளந்து பார்த்த பிள்ளைக்கும் அளக்காத பிள்ளைக்கும் வித்தியாசம் காட்ட அதில் ஒரு வரி கிடையாது. "புளோரைடு குறைந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டிருந்தாலும், அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட இடம் இல்லை. பையன் மேல் தப்பே இல்லை. எதற்கு மதிப்பெண்ணோ அதைச் செய்துகொண்டு வந்தான்.

அடுத்த வருடம் அதே பள்ளியின் அறிவியல் டீச்சரிடம் போய் இதைச் சொன்னேன். "அப்போ நீங்களே எழுதிக் கொடுங்க சார்" என்றார். 6 முதல் 12 வரை எல்லா வகுப்புக்கும் ஒரே கண்காட்சி. இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

முதலில் மூன்று பிரிவாகப் பிரித்தோம்: 6 முதல் 8 வரை, 9-10, 11-12. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் ஆறாம் வகுப்புக் குழந்தையை நிறுத்தி ஒரே பரிசுக்குப் போட்டி போட வைத்தால், சின்னக் குழந்தைக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்து செய்ய ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம் கருத்துக் குறிப்பு. ஒரு பக்கம்தான், கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பு, பிள்ளையின் கையெழுத்தில். என் கேள்வி என்ன, எதை மாற்றப் போகிறேன், எதை அளக்கப் போகிறேன், எத்தனை முறை, என் யூகம் தப்பு என்று எதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வேன், சூடு அமிலம் மின்சாரம் ஏதாவது உண்டா, யார் உதவினார்கள், எவ்வளவு செலவு. செலவுக்கு 300 ரூபாய் உச்சவரம்பு வைத்தோம், ஏனென்றால் கடையில் தயாராகக் கிடைக்கும் தெர்மாகோல் மாதிரிகள் வருவது அதில்தான் நின்றது. குறிப்பை டீச்சர் நிராகரிக்கக் கூடாது, கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். இந்த ஆறு வாரம் முக்கியம். ஒரு வாரம் முன்பு வாங்கினால் அதற்குள் சார்ட் எழுதி முடித்திருப்பார்கள், கேள்வியை மாற்றச் சொன்னால் அழுவார்கள்.

ஒரு குறிப்பு எப்படி மாறியது என்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் எழுதிக் கொடுத்தது "புளோரைடும் அதன் தீமைகளும்". இது தலைப்பு, கேள்வி அல்ல. எதை அளக்கப் போகிறாய் என்ற இடம் காலி. டீச்சர் அந்தக் காலி இடத்தை வட்டமிட்டு, "உங்கள் வீட்டில் போர் தண்ணீரை என்ன செய்து குடிக்கிறீர்கள்?" என்று மட்டும் எழுதித் திருப்பினார். கொதிக்க வைத்துக் குடிக்கிறோம் என்று வந்தது. சரி, கேள்வி கிடைத்துவிட்டது: கொதிக்க வைத்தால் புளோரைடு குறையுமா? குறையும் என்பது அவள் யூகம்.

ஒரு லிட்டர் போர் தண்ணீரை அரை லிட்டராகச் சுண்டும் வரை கொதிக்க வைப்பது, மூன்று தடவை, மூன்று நாளில். அளக்க வண்ண அட்டையோடு வரும் கிட். அதில் சொட்டும் மருந்து இளஞ்சிவப்பாக இருக்கும், புளோரைடு கூடக் கூட மஞ்சளுக்குப் போகும். அந்த மருந்தில் அமிலம் உண்டு, அதனால் டீச்சர்தான் ஊற்ற வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதினோம். அடுப்புப் பக்கம் அம்மா.

கொதிக்க வைக்காத தண்ணீர் அட்டையில் 1.5 காட்டியது. சுண்டிய தண்ணீர் அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டி மஞ்சளாகிவிட்டது, படிக்கவே முடியவில்லை. இங்கேதான் பல பிள்ளைகள் "2-க்கு மேல்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். இவள் டீச்சரிடம் கேட்டு, அதே அளவு பேட்டரி தண்ணீரை, அதாவது உப்பு நீக்கிய தண்ணீரை, சேர்த்துப் பாதியாக நீர்க்க வைத்துப் பார்த்தாள். முதலில் பேட்டரி தண்ணீரை மட்டும் பரிசோதித்து அதில் புளோரைடு காட்டவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். நீர்க்க வைத்த பின் நிறம் 1.0-க்கும் 1.5-க்கும் நடுவில், மூன்று தடவையும். அப்படியென்றால் சுண்டிய தண்ணீரில் 2-க்கும் 3-க்கும் நடுவில் ஏதோ ஒன்று. நிறத்தைத் தானே படிக்காமல், எது எந்தக் குழாய் என்று தெரியாத தம்பியைப் படிக்கச் சொல்லியிருந்தாள். தன் மனசுக்குப் பிடித்த நிறத்தைக் கண் பார்த்துவிடும் என்பது அவளாகவே கண்டுபிடித்தது.

அவள் எழுதிய முடிவு: "புளோரைடு கூடியது என்று சொல்ல முடியும். சரியாக இரண்டு மடங்கா என்று இந்தக் கிட்டால் சொல்ல முடியாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. அதில் கொஞ்சம் புளோரைடு சேர்ந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. என் யூகம் தப்பு." பழைய தாளில் இதற்குத் தோற்றத்தில் 8, புதுமையில் 5 விழுந்திருக்கும். ஒரு சார்ட், மூன்று சோதனைக் குழாய், ஒரு நோட்டு, அவ்வளவுதான் அவள் மேசையில்.

புதிய தாளில் கேள்விக்கு 20, செய்முறைக்கு 30, பதிவு நோட்டுக்கு 25, முடிவுக்கும் அதன் எல்லைக்கும் 20, காட்சிக்கு 5. மூன்று பிரிவுக்கும் தாள் ஒன்றுதான், ஆனால் முழு மதிப்பெண் எதற்கு என்பது மாறும். 6 முதல் 8 வரை செய்முறையில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, மூன்று தடவை செய்திருந்தால் முழு மதிப்பெண். 9-10-இல் அதோடு ஒப்பிட ஒரு மாற்றாத மாதிரியும் வேண்டும். 11-12-இல் தன் அளவில் பிழை எங்கிருந்து வரும், எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரிய வேண்டும். இதை நடுவர்களுக்கு வாயால் சொன்னால் போதாது, தாளிலேயே அச்சடிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிடம் பிழைக் கணக்குக் கேட்ட நடுவரை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவு நோட்டு அடித்தல் திருத்தலோடு இருக்க வேண்டும், அழகாகப் பிரதி எடுத்த நோட்டு வேண்டாம் என்று குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆறு வாரத்து நோட்டு ஒரே மையில் இருந்தால் கொஞ்சம் மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை தானே செய்ததா என்று தெரிந்துகொள்ள நான் கேட்பது, "முதல் தடவை செஞ்சப்போ என்ன தப்பாப் போச்சு?" என்று. செய்த பிள்ளைக்குக் கதை கதையாக வரும். செய்யாத பிள்ளை சார்ட்டைத் திரும்பிப் பார்க்கும். அப்போதும் அந்தக் குழந்தையை அவமானப்படுத்தாமல், அதற்குத் தெரிந்த அளவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நகருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. அந்த மொழி தெரிந்த ஒருவரை நடுவர் குழுவில் வையுங்கள். மொழித் திணறலை அறிவியல் தெரியாததாகக் கணக்குப் பண்ணிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல் முதல் வருடம்தான் தெரிந்தது. மொத்தம் 42 படைப்பு. 6 முதல் 8 வரை 28 வந்ததால் இரண்டு குழு நடுவர்கள் ஆளுக்கு 14 பார்த்தார்கள், மற்ற இரண்டு பிரிவுகளில் இருந்த 14-ஐ மூன்றாவது குழு பார்த்தது. கூட்டிப் பார்த்தால் முதல் குழுவின் சராசரி 78, இரண்டாவது குழுவின் சராசரி 61. சின்னப் பிள்ளைகளின் மூன்று பரிசும் முதல் குழு பார்த்த வரிசைக்கே போகப் பார்த்தது. வரிசை எண் குலுக்கிப் போட்டதுதான், நல்ல பிள்ளைகள் எல்லாம் ஒரே வரிசையில் விழுந்திருக்க முடியாது. ஒரு குழு கை தாராளம், இன்னொன்று கை இறுக்கம், அவ்வளவுதான். அதனால் மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு குழுவும் தன் வரிசையில் சிறந்த மூன்றைச் சொல்லச் சொல்லி, அந்த ஆறையும் இரண்டு குழுவின் நான்கு நடுவர்களும் சேர்ந்து மறுபடி பார்த்தோம். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து, ஆரம்பிக்கும் முன்பே எல்லா நடுவர்களும் ஒரே படைப்புக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, தாளைத் திறந்து பேசிக்கொள்கிறோம். கால் மணி நேரம் ஆகும். நான் 24 போட்ட செய்முறைக்கு ஒருவர் 12 போட்டிருந்தார், ஏன் என்று கேட்டால் மூன்று தடவை செய்ததை அவர் நோட்டில் பார்க்கவே இல்லை. சராசரி வித்தியாசம் முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் குறைந்தது. ஒரு பிரிவுக்கு ஒரே குழு என்று வைக்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நேரத்தையும் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். ஒரு படைப்புக்குப் பத்து நிமிடம் என்றால் 14-க்கு இரண்டு மணி இருபது நிமிடம். அதற்கு மேல் ஒரு குழுவிடம் கொடுத்தால் கடைசியில் இருக்கும் பிள்ளைகளை யாரும் கேட்க மாட்டார்கள், நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எட்டுதான் பார்க்கவும் கேட்கவும். மீதி இரண்டில் நடுவர் தாளின் அடியில் பிள்ளைக்கு இரண்டு வரி எழுத வேண்டும், அந்தப் பகுதியைக் கிழித்து அன்றே பிள்ளையிடம் கொடுத்துவிடுவோம். அந்தப் பெண்ணுக்கு நான் எழுதியது: "பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து வை. லீவில் எங்கள் கூடத்துக்கு டீச்சரோடு வா, பார்ப்போம்."