16 கிராம் நெக்லஸுக்கு 18 கிராம் விலை

தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒரு நகை பில்லை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல்பதிவு: "ரெண்டு சவரன் நெக்லஸ்தான் தம்பி. போர்டுல கிராம் 9,000னு போட்டிருந்தான். 16 கிராமுக்கு 1,44,000தானே வரணும்? 1,73,361 வாங்கியிருக்கான். மீதி 29 ஆயிரம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. பில்லின் மடிப்பில் மாட்டிக்கொண்ட எழுத்துகளையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்ததில் கிடைத்தது இது:

மொத்த எடை 16.850 கிராம்
கல் எடை 0.850 கிராம்
நிகர எடை 16.000 கிராம்
தங்கம் (22 கேரட், கிராம் 9,000) 1,44,000.00
சேதாரம் 14% (2.240 கிராம்) 20,160.00
செய்கூலி (கிராமுக்கு 150) 2,400.00
கல் விலை 1,700.00
ஜி.எஸ்.டி. 3% 5,047.80
ஹால்மார்க் கட்டணம் 53.10
மொத்தம் 1,73,360.90

இதில் பெரிய தொகை சேதாரம். அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தது 16 கிராம் தங்கம். விலை கொடுத்தது 18.240 கிராமுக்கு. அந்த 2.240 கிராம் எங்கே போனது?

சவுகார்பேட்டைப் பக்கம் சந்துகளில் இருக்கும் பட்டறைகளில் வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரியும். சுத்தத் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் சேர்த்து மூசையில் உருக்கி 22 கேரட் ஆக்குவார்கள். அதைத் தகடாக அடித்தோ, துளையுள்ள எஃகுத் தகட்டின் வழியே கம்பியாக இழுத்தோ, வெட்டி, வளைத்து, பற்றவைத்து, அரத்தால் ராவி, கடைசியில் மெருகு போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் துகள் உதிரும். அரப்பொடி, வெட்டுத் துண்டு, மெருகுத் துணியில் ஒட்டியது, கை கழுவிய தண்ணீரில் போனது எல்லாம் சேதாரம்தான். ஆனால் பத்தர் இதில் எதையும் தூக்கி எறிவதில்லை. மடிக்குக் கீழே விழும் பொடியைத் தனியாகப் பிடித்து வைப்பார். தரையைக் கூட்டிய தூசியும் மெருகுத் துணியும்கூட எரிக்கப்பட்டு, உருக்கிப் பிரிக்கப்பட்டு, அதிலிருந்த தங்கம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தங்கம் எளிதில் துருப்பிடிக்காது, காற்றில் ஆவியாகியும் போகாது. 16 கிராம் நகைக்கு நிஜமாகவே இரண்டே கால் கிராம் தொலைந்தால் அந்தப் பட்டறையை அடுத்த மாதமே பூட்ட வேண்டியதுதான்.

அப்படியென்றால் 14% என்பது என்ன? உண்மையான இழப்பு அதில் ஒரு சிறு பகுதி. மீதி வேலைக்கான கூலி, டிசைனுக்கான விலை, கடையின் லாபம். சில கடைகள் இதையே 'வி.ஏ.' என்று, அதாவது மதிப்புக்கூட்டல் என்று போடுகின்றன. எனக்கு அந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது. மெஷினில் செய்த சாதாரணச் செயினுக்குச் சேதாரம் குறைவாகவும், நகாசு வேலையும் கல் பதிப்பும் உள்ள நெக்லஸுக்கு அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் உதிரும் தூசி மட்டும் இல்லை. உட்கார்ந்து வேலை செய்யும் நேரமும்தான்.

இந்தக் கட்டணம் ரூபாயில் இல்லாமல் தங்கத்தின் எடையில் அளக்கப்படுவதால் ஒரு விளைவு உண்டு. இதே நெக்லஸை, கிராம் 4,500 ரூபாய்க்கு விற்றபோது வாங்கியிருந்தால் சேதாரம் 10,080 ரூபாய்தான். இந்தப் பில்லில் 20,160. ராவியதும் பற்றவைத்ததும் அதே வேலை, உதிர்ந்ததும் அதே தூசி. தங்கம் ஏறும்போதெல்லாம் இந்தக் கூலியும் தானாக ஏறிவிடுகிறது. நாளைக்கு இதே நகையை மாற்றப் போனால் எடை பார்ப்பது 16 கிராமுக்கு மட்டும்தான். 2.240 கிராம் அந்தக் கணக்கில் வராது.

"செய்கூலி இல்லை" என்று பேனர் கட்டும் கடைகளைப் பற்றியும் அக்கா கேட்டார். ஒப்பிட ஒரே வழி, சேதாரத்தையும் செய்கூலியையும் கூட்டித் தங்கத்தின் விலையால் வகுப்பது. இந்தப் பில்லில் 20,160 + 2,400 = 22,560. அதை 1,44,000-ஆல் வகுத்தால் 15.7%. செய்கூலியே இல்லாமல் 16% சேதாரம் போடும் கடையில் 23,040 ஆகியிருக்கும். செய்கூலி இல்லாத கடையில்தான் 480 ரூபாய் கூடுதல்! தவிர, ஜி.எஸ்.டி. 3% தங்கத்துக்கு மட்டுமல்ல, சேதாரம், செய்கூலி, கல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விழும். அதனால் சேதாரத்தில் பேரம் பேசிக் குறைத்தால் வரியும் கொஞ்சம் குறையும்.

அடுத்தது கல். இந்தக் கடை சேதாரத்தை நிகர எடையான 16 கிராமின் மேல் போட்டிருக்கிறது. சரிதான். மொத்த எடையான 16.850-இன் மேல் போட்டிருந்தால் சேதாரம் 2.359 கிராம் ஆகியிருக்கும். கல்லுக்கும் சேர்த்துச் சேதாரம் கட்டி, 1,071 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். பில்லில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: சேதார கிராமை நிகர எடையால் வகுத்துப் பாருங்கள், அவர்கள் சொன்ன சதவீதம் வர வேண்டும். கல் எடையைச் சரியாகக் கழித்தார்களா என்பதும் முக்கியம். கல்லுக்குப் பின்னால் அரக்கு இருந்தால் அதன் எடையும் கழிய வேண்டும். அந்த 0.850 கிராமைக் கழிக்காமல் தங்கக் கணக்கில் சேர்த்திருந்தால் 7,650 ரூபாய்.

இனி சுத்தம். சுத்தத் தங்கம் மிக மென்மையான உலோகம். அதன் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக வழுக்கும். கொக்கி தானாக நெளியும், கல் பிடித்திருக்கும் பல் விரியும். செம்பு அணு தங்க அணுவைவிடச் சிறியது. அது இடையில் புகுந்தால் அடுக்கு கோணலாகி வழுக்குவது தடைபடும், நகை கெட்டிப்படும். 24 பங்கில் 22 தங்கமாக இருந்தால் 22 கேரட். ஆயிரத்துக்குக் குறைந்தது 916. அக்காவின் நெக்லஸில் 16 கிராமுக்கு 14.656 கிராம் சுத்தத் தங்கம், மீதி 1.344 கிராம் செம்பு, வெள்ளி மாதிரியான உலோகங்கள். அவற்றைத் தங்க விலைக்கு விற்றுவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். போர்டில் இருந்த 9,000 என்பதே 22 கேரட் விலை. அன்று 24 கேரட் 9,818 ரூபாய். 22-ஐ 24-ஆல் வகுத்த விகிதம் அப்படியே இருக்கிறது. 22 கேரட் நகைக்கு 24 கேரட் விலையைப் போட்டிருந்தால்தான் பிரச்சினை.

சரி, உள்ளே 916 இருப்பதை யார் பார்த்தது? இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையம். பில்லில் உள்ள 53.10 ரூபாய் அதற்குத்தான்: ஒரு நகைக்கு 45 ரூபாய், அதன்மேல் 18% வரி. அங்கே முதலில் எக்ஸ்-ரே கருவியில் வைப்பார்கள். சில நொடிகளில் விடை சொல்லும், நகைக்குச் சேதமில்லை. ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான். மேலே நல்ல முலாம் கனமாக இருந்தால் ஏமாந்துவிடும். அதனால் ஒரே தொகுதியாக வந்த நகைகளிலிருந்து சிலதைப் பொறுக்கி, துளி தங்கம் வெட்டியெடுத்து நெருப்பில் சோதிப்பார்கள்.

பழங்காலத்திலிருந்து வரும் அந்தச் சோதனை இன்றும் இறுதித் தீர்ப்பு. வெட்டிய துணுக்கைத் துல்லியத் தராசில் நிறுத்து, அதோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பல் அல்லது மக்னீசியாவால் செய்த குட்டிக் கிண்ணத்தில் வைத்து, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேலுள்ள உலைக்குள் தள்ளுவார்கள். ஈயம் உருகி ஆக்சைடாகும், செம்பையும் ஆக்சைடாக்கிக் கூட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைக் கிண்ணம் உறிஞ்சிவிடும். தங்கமும் வெள்ளியும் ஆக்சைடாவதில்லை. பளபளப்பான சிறு மணியாக மேலே நிற்கும். அந்த மணியைத் தட்டி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோய்த் தங்கம் மட்டும் மிஞ்சும். முதலில் வெள்ளி சேர்த்ததே இதற்காகத்தான்: வெள்ளி போதுமான அளவு இல்லாவிட்டால் அமிலம் உள்ளே நுழைய முடியாது. மிஞ்சியதை நிறுத்து முதல் எடையால் வகுத்தால் சுத்தம் தெரிந்துவிடும்.

அக்காவின் பில்லில் ஓர் ஓரத்தில் 'கே.டி.எம்.' என்ற முத்திரையும் இருந்தது. கேட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது என்பதைத்தான் அது குறிக்கும். சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பற்றவைக்கும் பொடியில் முன்பு செம்பு அதிகம் போட்டதால், நகையை உருக்கினால் தரம் குறைந்தது. அதற்குப் பதில் கொஞ்சம் கேட்மியம் போட்டால் தங்கத்தின் அளவைக் குறைக்காமலே பொடி சீக்கிரம் உருகும். ஆனால் கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்தப் புகை ஊதுகுழலோடு குனிந்திருப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஹால்மார்க் நகையில் கேட்மியத்துக்கு இடமில்லை. இன்னும் அந்த எழுத்துகளைப் பெருமையாக அடிப்பது பழக்கதோஷம்.

நகையின் கொக்கிக்குப் பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். முக்கோணம், 22K916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. ஒவ்வொரு நகைக்கும் இந்த எண் தனி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமான நகையை இது இல்லாமல் கடையில் விற்க முடியாது. BIS CARE செயலியில் Verify HUID என்ற இடத்தில் அடித்தால் எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன வகை நகை, என்ன சுத்தம் என்று வரும். கையில் இருப்பது நெக்லஸ், திரையில் வருவது மோதிரம் என்றால் எண்ணைத் திருடி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அக்காவுக்கு நெக்லஸ் என்றே வந்தது. ஹால்மார்க் உத்தரவாதம் தருவது சுத்தத்துக்கு மட்டும். சேதாரம் நியாயமா, கல் அசலா என்பதெல்லாம் அதன் வேலையில்லை.

அப்புறமும் சந்தேகம் தீரவில்லை என்றால் நாமே எந்த ஹால்மார்க் மையத்துக்கும் நகையைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். குறைவாக வந்தால், சுத்தத்தில் குறைந்த பங்குக்கான மதிப்பைப்போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்றவர் தர வேண்டும் என்கிறது 2018-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதி. இந்த நெக்லஸ் 916-க்குப் பதில் 900 என்று வந்திருந்தால் குறைவது 0.256 கிராம் சுத்தத் தங்கம். அன்றைய விலைக்கு இரண்டு மடங்கு, ஏறக்குறைய 5,000 ரூபாய். அதைக் கேட்டு வாங்க, நிகர எடையும் சுத்தமும் ஹால்மார்க் கட்டணமும் தனித்தனியாக எழுதிய, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் வேண்டும். "வரி இல்லாமப் போட்டுத் தரேன்" என்று நீட்டும் எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு கேட்பது கஷ்டம்.