ஏசைலேற்றமும் அற்கைலேற்றமும்: ஏற்றியது ஏற்றியபடி நிற்பது எதில்?

மாங்குளத்தில் உயர்தர வகுப்பு ஒன்றில் பென்சீனுடன் 1-குளோரோபுரோப்பேனையும் நீரற்ற அலுமினியம் குளோரைட்டையும் சேர்த்தால் கிடைக்கும் முதன்மை விளைவைக் கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை புரோப்பைல்பென்சீன் என்று எழுதியிருந்தாள். நான் பிழை போட்டதும் எழும்பிக் கேட்டாள்: "சேர், நாங்கள் ஏத்தினது புரோப்பைல்தானே? பிறகு ஏன் வேறை ஒண்டு வருது?"

நியாயமான கேள்வி. அவளை அப்படி நினைக்க வைத்தது, நாங்கள் பாவிக்கும் சொல்.

இலங்கைப் பாடநூல்களில் அற்கைலேற்றம், ஏசைலேற்றம் என்று படிக்கிறோம். தமிழ்நாட்டில் அல்கைலாக்கம், அசைலாக்கம் என்ற வடிவங்களைக் காணலாம். எனக்கு "ஏற்றம்" தான் பொருத்தமாகப் படுகிறது. பென்சீன் அற்கைலாக ஆகிவிடுவதில்லை. அதன் மேல் ஒரு அற்கைல் குழு ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சொல் ஒரு விசயத்தை மறைக்கிறது. ட்ரக்டர் பெட்டியில் நெல் மூடை ஏற்றும்போது எதையும் இறக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு குழு ஏறினால் வளையத்திலிருந்து ஓர் ஐதரசன் இறங்கவே வேண்டும். அது குளோரினுடன் சேர்ந்து ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறும். ஆகவே பெயரில் ஏற்றம் இருந்தாலும் தாக்கம் பிரதியீடுதான்.

"அற்கைல்" என்பதன் முற்பாதி அற்ககோலில் இருந்து வந்தது. அதன் மூலம் அரபு மொழியின் "அல்-குஹ்ல்", கண்ணுக்கு இடும் மைப்பொடி. "ஏசைல்" இலத்தீனில் புளிப்பைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. எங்கள் "அமிலம்" என்ற சொல்லும் புளிப்பைக் குறிக்கும் வடசொல் "அம்ல" என்பதில் பிறந்ததே. இரண்டு பெயர்களுக்கும் பொதுவான அந்த "ஐல்" ஒலி, கிரேக்கத்தில் மரம், மூலப்பொருள் என்று பொருள்படும் "ஹூலே". காட்டு மரத்தோடு வாழும் வன்னியில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். ஏசைல் என்றால் அமிலத்தில் ஐதரொட்சில் கழிந்து எஞ்சிய பகுதி. "அமில எச்சம்" என்று தமிழாக்கலாம்தான். ஆனால் சல்பேற்று, நைத்திரேற்று அயன்களோடு குழப்பிவிடும் என்பதால் ஏசைல் என்றே விடுவது நல்லது. இந்த அமிலப் பகுதியில் காபனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ஒட்சிசனை மறந்துவிடாதீர்கள். கதை முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

சரி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இந்த முறையை 1877 இல் பாரிசில் பிரீடலும் கிராப்ற்சும் கண்டறிந்தார்கள். அலுமினியம் குளோரைட்டு இலத்திரன் குறைந்த சேர்வை. அது 1-குளோரோபுரோப்பேனின் குளோரினைப் பிடித்து இழுக்கும்போது, சங்கிலி நுனியில் உள்ள காபன் நேரேற்றம் பெறத் தொடங்குகிறது. நுனிக் காபனில் நேரேற்றம் நிலைக்காது. அதனால் குளோரின் விடுபட விடுபடவே, பக்கத்துக் காபனில் இருந்த ஓர் ஐதரசன் தன் இலத்திரன் சோடியோடு நுனிக்கு நகர்ந்துவிடுகிறது. நேரேற்றம் நடுக் காபனுக்கு மாறுகிறது. இரு பக்கமும் மெதைல் குழு இருப்பதால் அது அங்கே ஓரளவு உறுதியாக நிற்கும். பென்சீன் பிடிப்பது பெரும்பாலும் இந்த மாறிய வடிவத்தைத்தான். எனவே அறை வெப்பநிலையில் ஐசோபுரோப்பைல்பென்சீன் கூடுதலாகவும் நேர்ச்சங்கிலிப் புரோப்பைல்பென்சீன் குறைவாகவும் கலந்து வரும். குளிர்த்திச் செய்தால் நேர்ச்சங்கிலியின் பங்கு கூடும், ஆனாலும் கலவைதான். நாங்கள் ஏற்றியது புரோப்பைல்தான்; ஏறும் வழியிலேயே அது உருமாறிவிட்டது.

இரண்டையும் பிரிப்பதும் இலகுவல்ல. ஒன்று 152 °C அளவில் கொதிக்கும், மற்றது 159 °C அளவில். சாதாரணக் காய்ச்சி வடிப்பில் இந்த 7 பாகை போதாது. பொற்றாசியம் பரமங்கனேற்றால் ஒட்சியேற்றிப் பார்க்கலாம் என்று ஒரு மாணவன் சொன்னான். இரண்டுமே பென்சோயிக் அமிலத்தைத்தான் தரும் என்பதால் அதுவும் உதவாது.

அடுத்த தொல்லை, ஏற்றம் ஒன்றோடு நிற்காதது. அற்கைல் குழு வளையத்துக்கு இலத்திரன் அடர்த்தியைத் தள்ளிக்கொடுக்கும். ஒரு குழு ஏறிய வளையம் வெறும் பென்சீனை விட வேகமாகத் தாக்கமடையும். பென்சீன் இன்னும் மிச்சம் இருக்கும்போதே இரண்டு, மூன்று குழுக்கள் ஏறிய சேர்வைகள் உருவாகிவிடும். பென்சீனை மிகையாக எடுத்தால் இதைக் குறைக்கலாம், முற்றாக நிறுத்த முடியாது.

இப்போது அதே மூன்று காபனை ஏசைலாகக் கொண்டுபோவோம். 0.1 மூல் புரோப்பனோயில் குளோரைட்டு, அதாவது 9.25 கிராம் எடுக்கிறோம். அதன் குளோரின் விடுபட்டதும் நேரேற்றம் ஒட்சிசனைத் தாங்கிய காபனில் வரும். அந்த ஒட்சிசன் தன் தனிச்சோடி இலத்திரன்களைக் காபனுக்குக் கொடுக்க, இரண்டுக்கும் இடையில் மும்மைப் பிணைப்பு உண்டாகிறது. இதுதான் ஏசைலியம் அயன். பரிவால் உறுதி பெற்ற இந்த வடிவத்தில் காபனுக்கும் ஒட்சிசனுக்கும் எட்டு இலத்திரன்கள் நிறைந்திருக்கும். பக்கத்து ஐதரசன் நகர்ந்தால் நேரேற்றம் சங்கிலியில் ஒரு காபனுக்குப் போய், அந்த உறுதி முழுவதும் போய்விடும். நகர்வதால் இலாபம் இல்லை, அதனால் நகர்வதில்லை. ஏற்றியது ஏற்றியபடியே வளையத்தில் வந்து அமர்கிறது.

அமர்ந்தபின், காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் அந்தக் காபனைல் கூட்டம் வளையத்திலிருந்து இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கிறது. வளையம் ஏவலகற்றப்பட்டு, இன்னோர் ஏசைலியம் வந்தாலும் தாக்க முடியாதபடி மந்தமாகிறது. அதோடு விளைவான கீற்றோனின் ஒட்சிசன் அலுமினியம் குளோரைட்டைப் பிடித்து ஒரு சிக்கற் சேர்வையாகிறது, அதனால் இழுப்பு இன்னும் கூடும். ஆகவே ஒரு ஏற்றத்தோடு நின்றுவிடும்.

இந்தச் சிக்கற் சேர்வைக்கு ஒரு விலை உண்டு. அற்கைலேற்றத்தில் ஊக்கி கொஞ்சம் போதும். இங்கே கீற்றோன் ஊக்கியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், 0.1 மூல் குளோரைட்டுக்கு 0.1 மூலுக்குச் சற்று மேல், ஏறக்குறைய 14.7 கிராம் அலுமினியம் குளோரைட்டு வேண்டும். கடைசியில் ஐஸும் ஐதரோகுளோரிக் அமிலமும் உள்ள கலவையில் ஊற்றினால்தான் கீற்றோன் விடுபடும். ஊக்கி நீரற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். மாரி மழைக்காலத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் மூடி இறுகாத ஒரு போத்தல் புகைந்து புகைந்து கட்டியாகிவிட்டது. அதைப் போட்ட குடுவையில் தாக்கமே நடக்கவில்லை.

இப்படிக் கிடைத்த கீற்றோனான புரோப்பியோபினோன் 218 °C அளவில் கொதிப்பதால் எஞ்சிய பென்சீனிலிருந்து இலகுவாகப் பிரியும். அதை நாகவிரசக்கலவையுடனும் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்துடனும் வெப்பமேற்றினால் காபனைல் மெதிலீனாகத் தாழ்த்தப்படும். இதுவே கிளமென்சன் தாழ்த்தல். அந்தப் பிள்ளை எழுதிய நேர்ச்சங்கிலிப் புரோப்பைல்பென்சீன், ஐசோபுரோப்பைல் கலக்காமல், இப்படித்தான் கிடைக்கும்.

ஏசைலியம் நிலைமாறுவதே இல்லை என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. 2,2-டைமெதைல்புரோப்பனோயில் குளோரைட்டைப் பாவித்தால் அதன் ஏசைலியம் காபனோரொட்சைட்டை இழந்துவிடும். எஞ்சுவது மூன்று மெதைல் சூழ்ந்த காபோகற்றயன், அது மிகவும் உறுதியானது. பென்சீனுடன் கிடைப்பதோ பெரும்பாலும் மூவிணைய பியூற்றைல்பென்சீன். அனிசோல் போன்ற வேகமான வளையம் என்றால் வாயு கழியுமுன் ஏசைலியத்தைப் பிடித்துக் கீற்றோனைத் தரும். பென்சீனுக்கு அந்த வேகம் இல்லை.