முட்டை ஏன் மிதக்கிறது? ஓட்டின் துளைகளும் காற்றறையும்

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அடியில் படுத்துக்கொண்டால் புதுசு, மிதந்தால் கூமுட்டை. ஏன் மிதக்கிறது என்று கேட்டால், உள்ளே கெட்டுப்போய் வாயு சேர்ந்துவிட்டது என்பார்கள். இது சரியில்லை. முட்டை ஓடு பலூன் மாதிரி விரிந்து கொடுக்காது. ஓட்டுக்குள் எவ்வளவு வாயு உண்டானாலும், அது உள்ளேயே இருக்கும்வரை முட்டையின் எடையும் மாறாது, அளவும் மாறாது. எடையும் அளவும் மாறாத பொருள் நேற்று மூழ்கியது என்றால் இன்றும் மூழ்கத்தான் செய்யும்.

மிதக்க வேண்டுமானால் எடை குறைய வேண்டும். எடை குறைய வேண்டுமானால் உள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியே போயிருக்க வேண்டும். அப்படிப் போவது பெரும்பாலும் தண்ணீர், ஆவியாக. அது போகும் வழி ஓட்டிலுள்ள துளைகள்.

கோழிமுட்டையின் ஓடு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். படிகங்கள் ஒன்றையொன்று ஒட்டி வளரும்போது சில இடங்களில் இடைவெளி விட்டுப்போகிறது. ஓட்டின் குறுக்கே போகும் அந்த இடைவெளிகள்தான் துளைகள். ஒரு முட்டையில் சுமார் 10,000 இருக்கும். முட்டைக்கு முட்டை இந்த எண்ணிக்கை கணிசமாக மாறும். ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் அகன்று, உள்ளே போகப்போகக் குறுகும். முட்டை முழுக்க இவை ஒரே அடர்த்தியில் இல்லை. அகன்ற முனையில் அதிகம், கூர்முனையில் குறைவு.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டையைச் சூடான தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினால், அகன்ற முனையிலிருந்து மெல்லிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். ஓட்டில் விரிசல் எதுவும் இருக்காது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று சூட்டில் விரிந்து துளைகள் வழியே வெளியேறுகிறது, அவ்வளவுதான். பழைய முட்டை என்றால் குமிழிகள் அதிக நேரம் வந்துகொண்டிருக்கும்.

முட்டை பழசாக ஆக துளைகள் பெருகுவதோ, ஒவ்வொரு துளையும் அகலமாவதோ கிடையாது. மாறுவது துளையின் வாயை மூடியிருக்கும் பூச்சு. கோழி இட்டவுடன் முட்டை ஈரமாகப் பளபளக்கும். அந்த ஈரம் பெரும்பாலும் புரதத்தாலான ஒரு மெல்லிய படலம். சில நிமிடங்களில் காய்ந்து ஓட்டின் மேல் படிந்துவிடும். கியூட்டிகிள் என்று பெயர். துளைகளின் வாயில் இது அடைப்பாக உட்காருகிறது. முழுக்க அடைத்துவிடாது. வாயுக்களும் நீராவியும் போய்வர வழிவிட்டு, தண்ணீரையும் கிருமிகளையும் பெருமளவு தடுக்கும். நாள் போகப்போக இந்தப் படலம் மேலும் காய்ந்து, சுருங்கி, நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வறண்ட குளத்தின் தரை போலத் தெரியும். துளைகளின் வாய் அங்கங்கே திறந்துகொள்கிறது.

காற்றறை எப்படி உண்டாகிறது? கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் வெளியே வரும் முட்டைக்குள் காற்றறை அநேகமாக இருக்காது. ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகள் உண்டு. ஒன்று ஓட்டோடு ஒட்டியிருக்கும், இன்னொன்று வெள்ளைக்கருவைச் சுற்றியிருக்கும். முட்டை ஆறும்போது உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம் சுருங்குகிறது. ஓடு சுருங்குவதில்லை. எனவே உள்ளே ஒரு உறிஞ்சல் உண்டாகி, துளைகள் அதிகமுள்ள அகன்ற முனை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. அங்கே இரண்டு சவ்வுகளும் பிரிந்து இடம் விடுகின்றன.

55 கிராம் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புது முட்டையின் அடர்த்தி சுமார் 1.085, எனவே அதன் பருமன் ஏறக்குறைய 50.7 மில்லிலிட்டர். 41 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது தண்ணீர் சுமார் 0.4 சதவீதம் சுருங்கும். முட்டைக்குள் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால், கிடைக்கும் இடம் 0.2 மில்லிலிட்டர். அகன்ற முனையின் வளைவுக்குள் அதைப் பொருத்தினால் ஆழம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இட்ட அன்று டார்ச் வெளிச்சத்தில் தெரியும் காற்றறையும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்.

அதற்குப் பிறகு காற்றறை வளர்வது ஆவியாதலால். எவ்வளவு வேகத்தில் என்பதை 1970-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரான், அமோஸ் ஆர், சார்லஸ் பாகனெல்லி ஆகிய மூவரும் அருமையாக அளந்தார்கள். பல பறவைகளின் முட்டைகளை ஈரமே இல்லாத காற்றில் வைத்து, தினமும் எடைபோட்டுப் பார்த்தார்கள். முட்டைக்குள் நீராவியின் அழுத்தம் எப்போதும் உச்ச அளவில் இருக்கும். வெளியே காற்றில் அதைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீராவியைத் துளை வழியே தள்ளுகிறது. கோழிமுட்டையில், பாதரச அளவில் ஒவ்வொரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கும் நாளொன்றுக்குச் சுமார் 14 மில்லிகிராம் தண்ணீர் போகும்.

நம் முட்டையை 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சமையலறையில் வைப்போம். உள்ளே நீராவி அழுத்தம் 32 மில்லிமீட்டர், வெளியே 22. வித்தியாசம் 10, இழப்பு நாளுக்கு 0.14 கிராம். ஒரு வாரத்தில் ஒரு கிராம். ஒரு கிராம் தண்ணீர் போனால் ஒரு மில்லிலிட்டர் காற்று அந்த இடத்துக்கு வர வேண்டும். காற்றறையின் ஆழம் நான்கரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். மிதக்க வேண்டுமானால் எடை 50.7 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டும், அதாவது 4.3 கிராம் போக வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அப்போது காற்றறை ஒன்பது மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும்.

இனி இதே முட்டையை மே மாத நாமக்கல் வெயிலில் யோசித்துப் பாருங்கள். 36 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் வித்தியாசம் 27 மில்லிமீட்டராக எகிறும். பன்னிரண்டு நாளுக்குள் முட்டை மிதந்துவிடும். பிரிட்ஜில் 5 டிகிரியில், பாதி ஈரப்பதத்தில், வித்தியாசம் மூன்று சொச்சம்தான். மிதக்க மூன்று மாதம் ஆகும். உண்மையில் கணக்குக்கும் நடப்புக்கும் இடையில் சில நாள் முன்பின் இருக்கும். ஓட்டின் தடிமனும் கியூட்டிகிளின் நிலையும் முட்டைக்கு முட்டை வேறு. ஆனாலும் விஷயம் தெளிவு. காற்றறை காட்டுவது முட்டையின் வயதை அல்ல, அது இழந்த தண்ணீரை. எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்பது தெரியாமல் மிதப்பதை வைத்து நாள் சொல்ல முடியாது.

வீட்டில் இதை அளந்து பார்ப்பது சுலபம். இருட்டறையில் செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் அழுத்தி வையுங்கள். மேலே ஒரு வெளிச்சமான தொப்பியும், அதன் கீழே மங்கலான பகுதியும் தெரியும். இரண்டும் சேரும் கோட்டைப் பென்சிலால் ஓட்டின் மேல் வரைந்துவிட்டு, சில நாள் கழித்து அதே முட்டையில் மறுபடி வரையுங்கள். பண்ணை வெள்ளை முட்டையில் கோடு நன்றாகத் தெரியும். ஓட்டின் நிறம் அடர்ந்திருந்தால் கொஞ்சம் சிரமம். முதல் சில நாட்களில் கோடு வேகமாக இறங்கும், பிறகு நிதானமாகும். கீழே போகப்போக முட்டை அகலமாவதால், அதே அளவு காற்றுக்குக் குறைந்த ஆழமே போதும். தரம் பிரிப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். அக்மார்க்கில் ஏ கிரேடுக்குக் காற்றறை 4 மில்லிமீட்டர் வரை, பி கிரேடுக்கு 8 வரை அனுமதி. முட்டையைத் திருப்பும்போது அந்தத் தொப்பி இடம் மாறி ஓடினால், உள்சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். முரட்டுத்தனமாகக் கையாண்டிருப்பார்கள், அல்லது கூர்முனை மேலே இருக்கும்படி அடுக்கியிருப்பார்கள்.

தண்ணீரோடு கார்பன் டை ஆக்சைடும் துளை வழியே போகிறது. அது தண்ணீரைவிட அவசரக்காரர். இட்டவுடன் வெள்ளைக்கருவின் பிஎச் சுமார் 7.6. அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே 9-ஐத் தாண்டிவிடும். வாயு போகப்போக வெள்ளைக்கருவின் கலங்கல் தெளியும், கெட்டியான பகுதி நீர்த்துப்போகும். மிகப் புதிய முட்டையை வேகவைத்தால் தோல் பிய்ந்து பிய்ந்து வருவதற்கும் காரணம் இதுவே. பிஎச் குறைவாக இருக்கையில் வெந்த வெள்ளைக்கரு உள்சவ்வோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் ஆனது லேசாகக் கழன்றுவரும். அகன்ற முனையில் தட்டி உரிக்கத் தொடங்கினால், காற்றறை இருந்த பள்ளத்தில் விரல் எளிதாகச் சவ்வுக்கு அடியில் நுழையும்.

துளைகள் உள்ளே விடுவதும் உண்டு, அதில்தான் ஆபத்து. எச்சம் ஒட்டிய முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் உள்ளே சுருக்கம் உண்டாகி, காற்றறையை உண்டாக்கிய அதே உறிஞ்சல் இம்முறை அழுக்குத் தண்ணீரை இழுக்கும். தேய்த்ததில் கியூட்டிகிளும் போயிருக்கும். அமெரிக்காவில் கழுவும் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும், கழுவியதைக் குளிரிலேயே வைப்பதும் இதனால்தான். பிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை புழுக்கத்தில் வியர்த்து, மறுபடி பிரிட்ஜுக்குள் போவதும் நல்லதல்ல. ஓட்டின் மேல் நிற்கும் ஈரத்தோடு கிருமிகள் துளைக்குள் இறங்கும். வயிற்றுக்கோளாறு தரும் சால்மோனெல்லா கிருமி விஷயத்தில் காற்றறை எந்தத் தகவலும் தராது. அந்தக் கிருமி கோழியின் உடலிலிருந்தே முட்டைக்குள் வந்திருக்கலாம். அப்படிப்பட்ட முட்டை அடியில் சமர்த்தாகப் படுத்திருக்கும். மறுபக்கம், மிதக்கும் முட்டை உலர்ந்துபோனதாக மட்டும் இருக்கலாம். தனியாக ஒரு கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். கெட்டது என்றால் நாற்றமே சொல்லிவிடும்.

பிரிட்ஜ் இல்லாத காலத்தில் முட்டையைச் சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டுவைக்கும் முறை இருந்தது. சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகித் துளைகளில் படியும். ஓடு எதனால் ஆனதோ அதே பொருள் அடைப்பாகிறது. ஓட்டின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுப்பதும் இதே வேலையைச் செய்யும். தண்ணீரும் போகாது, கார்பன் டை ஆக்சைடும் அவ்வளவாகப் போகாது. எனவே வெள்ளைக்கரு கெட்டியாகவே இருக்கும், காற்றறையும் வளராது. ஆனால் மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு வெதுவெதுப்பில் தளர்ந்துகொண்டே போவதை இந்தப் பூச்சு முழுக்கத் தடுக்காது. எண்ணெய் தடவிய பழைய முட்டை தண்ணீர்ச் சோதனையில் புதுசு மாதிரி அடியில் படுத்துக்கொள்ளும். வாணலியில் உடைத்து ஊற்றும்போதுதான் மஞ்சள்கரு பரவி ஓடும்.