60 லட்சம் லாபம்: எல்.எல்.பி.யில் கையில் நிற்பது எவ்வளவு, கம்பெனியில் எவ்வளவு?

தொழில் தொடங்க வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. கூட்டாளிகளின் பொறுப்பு வரம்புக்குட்பட்ட கூட்டு நிறுவனமான எல்.எல்.பி.க்கு வரி 31.2 சதவீதம், பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 25.17 சதவீதம், ஆகவே கம்பெனிதான் லாபம் என்பார்கள். இரண்டு விகிதங்களும் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு பலருக்குத் தவறாகப் போகிறது. நிறுவனம் கட்டும் வரியோடு கணக்கை நிறுத்திவிடுவதே காரணம். அந்தப் பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்கை அடையும்வரை அதைப் பின்தொடர வேண்டும்.

முதலில் விகிதங்கள். எல்.எல்.பி.க்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் 12 சதவீத சர்சார்ஜ் சேர்ந்து மொத்தம் ஏறக்குறைய 35 ஆகிவிடும். கம்பெனிகளுக்கு 2019 செப்டம்பரில் வந்த சலுகை விகிதம் 22 சதவீதம். லாபம் சிறியதானாலும் பெரியதானாலும் அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும் உண்டு. இதைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனி பல வரிக்கழிவுகளை விட்டுக்கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தபின் பழைய முறைக்குத் திரும்ப முடியாது.

வேறுபாடு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எல்.எல்.பி. வரி கட்டியபின் கூட்டாளிகள் பிரித்துக்கொள்ளும் லாபத்துக்கு அவர்கள் கையில் வரியே கிடையாது. கூட்டாளி எந்த வரி அடுக்கில் இருந்தாலும் இதே விதிதான். கம்பெனி கொடுக்கும் ஈவுத்தொகை அப்படி அல்ல. 2020 ஏப்ரல் முதல் அது பங்குதாரரின் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவருடைய அடுக்கின்படி வரிக்கு உட்படுகிறது. ஒரே லாபத்தில் கம்பெனி ஒருமுறை, பங்குதாரர் ஒருமுறை என இரண்டு தடவை கை வைக்கப்படுகிறது.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அக்காவும் தம்பியும் சமபங்காக நடத்துகிறார்கள். இருவரும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள். வேறு வருமானம் இல்லை. தங்களுக்கென்று எதுவும் எடுக்கும் முன் ஆண்டு லாபம் 60 லட்சம். 2025-26 நிதியாண்டின் விகிதங்களையும் தனிநபருக்கான புதிய வரி முறையையும் வைத்துக் கணக்கிடுகிறேன்.

எல்.எல்.பி.யில் கூட்டாளிகளின் ஊதியத்துக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், மீதிக்கு 60 சதவீதம். அதன்படி 60 லட்சத்தில் 37.8 லட்சம் வரை ஊதியமாகக் கழிக்கலாம், ஆளுக்கு 18.9 லட்சம். அதன்மேல் இருவரும் கட்டும் வரி மொத்தம் 3.70 லட்சம். மிச்சம் 22.2 லட்சத்துக்கு எல்.எல்.பி. 6.93 லட்சம் கட்டும். அதற்குப் பிறகு இருப்பது முழுவதும் வரியின்றி வீட்டுக்கு வரும். இருவர் கையிலும் சேர்ந்து நிற்பது 49.37 லட்சம்.

அதே பட்டறை கம்பெனியாக இருந்து, இருவரும் இயக்குநர்களாக அதே 18.9 லட்சம் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். சம்பளதாரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு என்பதால் அவர்கள் வரி 3.39 லட்சமாகக் குறையும். எல்.எல்.பி. கூட்டாளியின் ஊதியம் தொழில் வருமானமாகக் கருதப்படுவதால் அவருக்கு இந்தக் கழிவு இல்லை. மிச்சம் 22.2 லட்சத்துக்குக் கம்பெனி கட்டுவது 5.59 லட்சம். இதுவரை கம்பெனிதான் முன்னே நிற்கிறது, சுமார் 1.65 லட்சம் வித்தியாசத்தில். மீதி 16.61 லட்சத்தை ஈவுத்தொகையாக எடுத்தவுடன் நிலைமை மாறுகிறது. அது சம்பளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து 25, 30 சதவீத அடுக்குகளைத் தொடும். கூடுதல் வரி 4.38 லட்சம். கடைசியில் கையில் நிற்பது 46.64 லட்சம், எல்.எல்.பி.யைவிட 2.73 லட்சம் குறைவு.

பங்குதாரர் ஏற்கெனவே 30 சதவீத அடுக்கில் இருப்பவரானால் அடி இன்னும் பலமாக விழும். கம்பெனி சம்பாதித்த 100 ரூபாயில் அதன் வரி போக 74.83 மிஞ்சும், ஈவுத்தொகை வரியும் போனால் 51.48தான். எல்.எல்.பி.யில் அதே 100 ரூபாய்க்கு 68.80.

பணத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே போட்டால்? அப்போது கம்பெனிக்கு 100-க்கு ஆறு ரூபாய் கூடுதலாக மிஞ்சுகிறது. அந்த ஆறு ரூபாயும் சேர்ந்து வேலை செய்யும். புது லேத் வாங்கவும் கடனை அடைக்கவும் அது உண்மையான பலம். ஆனால் பணம் என்றாவது ஒருநாள் ஈவுத்தொகையாகத்தான் வெளியே வரப்போகிறது என்றால், அந்தச் சாதகம் பலரும் நினைப்பதைவிட மிக மெதுவாகத்தான் சேர்கிறது. வரிக்கு முன் ஆண்டுக்கு 20 சதவீதம் ஈட்டும் தொழிலில், 30 சதவீத அடுக்கில் இருக்கும் பங்குதாரருக்கு, கம்பெனியில் விட்ட பணம் எல்.எல்.பி.யில் விட்ட பணத்தை எட்டிப்பிடிக்க 27 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பணத்தை உள்ளே விடுவது வரியைத் தள்ளிப்போடுகிறது, அழிப்பதில்லை. பங்குகளையே விற்று வெளியேறுகிறவருக்குக் கணக்கு வேறு: நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம்தான். முதலீட்டாளரைச் சேர்த்து ஒருநாள் தொழிலை விற்கும் எண்ணம் உள்ளவர்கள் கம்பெனியை நாடுவதில் அர்த்தம் இருக்கிறது. வாங்க ஆள் வராத குடும்பப் பட்டறைக்கு அந்த வழி பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும்.

கம்பெனிக்கு இன்னொரு பலமும் உண்டு. பிரைவேட் லிமிடெட்டில் இயக்குநர் சம்பளத்துக்கு எல்.எல்.பி. போல விகித உச்சவரம்பு இல்லை. அக்காவும் தம்பியும் ஆளுக்கு 30 லட்சம் சம்பளமாகவே எடுத்தால் கம்பெனிக்கு லாபமே மிஞ்சாது. இருவர் வரியும் சேர்ந்து 9.52 லட்சம், கையில் 50.48 லட்சம். எல்.எல்.பி.யையும் தாண்டிவிட்டது! இதை எடுத்த எடுப்பில் பின்பற்றிவிடக் கூடாது. செய்யும் வேலைக்கு அந்தச் சம்பளம் சந்தை நிலவரப்படி நியாயமானதா என்று வரி அதிகாரி கேட்கலாம்; மிகையான பகுதியைச் செலவாக ஏற்க மறுக்கலாம். மார்ச் மாதக் கடைசியில் மிஞ்சிய லாபத்தை இயக்குநர்களுக்கு போனஸ் என்று எழுதினாலும் சிக்கல்தான். ஈவுத்தொகையாகக் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது என்று தெரிந்தால் கழிவு கிடைக்காது. சம்பளம் ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்மானமாகி, மாதாமாதம் டி.டி.எஸ். பிடித்துக் கொடுக்கப்பட்டிருந்தால் நிலை எவ்வளவோ வலுவானது.

எல்.எல்.பி.யில் தவறு பெரும்பாலும் ஒப்பந்தப் பத்திரத்தில் நடக்கிறது. ஊதியம் எவ்வளவு அல்லது எப்படிக் கணக்கிடப்படும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வாங்குகிறவர் தொழிலில் உழைக்கும் கூட்டாளியாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த மாதிரிப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டவர்கள் அந்தப் பிரிவை இன்றே தேடிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் 37.8 லட்சத்துக்கும் 31.2 சதவீத வரிதான். குறைந்த அடுக்குகளின் பலன் முழுக்கப் போய்விடும்.

கம்பெனியில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. வீடு கட்டவோ கல்யாணத்துக்கோ அவசரமாகப் பணம் தேவைப்படும். ‘நம் கம்பெனிதானே’ என்று 10 லட்சத்தைக் கடனாக எடுத்துவிடுவார்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் குடும்பக் கம்பெனி இப்படிக் கடன் கொடுத்தால், அதனிடம் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அது ஈவுத்தொகையாகவே கருதப்படும். அடுத்த மாதமே திருப்பிக் கட்டினாலும் அந்த வரி திரும்பி வராது.