ஃபேசிங்: தட்டில் எத்தனை முகப்பு, எத்தனை நாள் இருப்பு

சூப்பர் மார்க்கெட்டில் ரேக் அடுக்குகிறவர்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் ஃபேசிங். ‘இதுக்கு நாலு ஃபேசிங் கொடு’, ‘அதுல ஒரு ஃபேசிங் எடுத்துடு’ என்று பேச்சு ஓடும். தட்டின் முன்விளிம்பில் வாடிக்கையாளருக்கு நேராக நிற்கும் ஒரே பொருளின் எண்ணிக்கையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஒரே ஷாம்பு பாட்டில் பக்கம் பக்கமாக நான்கு நின்றால் நான்கு ஃபேசிங். ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பது இந்த எண்ணில் வராது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பொருள்களில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. மேலே இருப்பதையும் தனி ஃபேசிங்காகச் சிலர் எண்ணுவார்கள், சிலர் எண்ண மாட்டார்கள். ஆகவே கணக்குப் போடுமுன் எந்த முறையில் எண்ணியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. உருவம், தோற்றம், முகம் என்ற பொருள்களில் வழங்கிய ‘ஃபாகியேஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ஃபேஸ்’ ஆனது. சுவரின் வெளிப்பக்கத்தில் பதிக்கும் கல்லையும், சட்டை விளிம்பில் வைத்துத் தைக்கும் துணியையும் ஆங்கிலத்தில் ஃபேசிங் என்பார்கள். வெளியே தெரியும் பக்கம் என்ற அந்தப் பொருள்தான் கடைத் தட்டிலும் பொருந்துகிறது. ஆனால் கடைக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதே சுயசேவை வந்த பிறகுதான். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர்களே கூடையோடு உள்ளே போய்ப் பொருளை எடுக்கலாம் என்றார். அதுவரை கேட்டதை எடுத்துக் கொடுக்கக் கடைக்காரர் இருந்தார், பொருள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சரி. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்றானபோது, பொருளே முன்னால் வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தமிழில் இதற்கு ‘முகப்பு’ என்பதே சரியான சொல் என்பது என் கருத்து. வீட்டு முகப்பு, நூல் முகப்பு என்று முன்பக்கத்தைக் குறிக்கும் சொல்லாக அது ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘முகங்காட்டல்’, ‘எதிர்நோக்கு’ போன்றவை செயலைச் சொல்கின்றனவே தவிர, எண்ணக்கூடிய ஓர் அலகைச் சொல்வதில்லை. ‘நான்கு முகப்பு’ என்றால் உடனே எண்ண முடிகிறது. முன்னால் காலியானதும் பின்னால் இருப்பதை இழுத்து வரிசையாக்கும் வேலைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லின் வினை வடிவம்தான். அதைத் தமிழில் ‘முன்னிழுத்தல்’ என்று பிரித்துச் சொல்வது நல்லது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு. எந்தப் பொருளுக்கு எங்கே எத்தனை முகப்பு என்று வரைந்து காட்டும் பிளானோகிராமை ‘அடுக்கு வரைபடம்’ என்றால் போதும்.

முகப்பைக் காட்சிக்கான விஷயமாகவே பலர் நினைக்கிறார்கள். நிறைய முகப்பு கொடுத்தால் நிறைய கண்ணில் படும், நிறைய விற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் உண்மை கொஞ்சம்தான். தட்டின் இடத்துக்கும் விற்பனைக்கும் உள்ள உறவை 1972-இல் ரொனால்ட் கர்ஹன் ஆராய்ந்தார், அப்புறம் பலரும் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2014-இல் மார்ட்டின் ஐசெண்ட் கணக்கிட்டபோது, சராசரியாக 10 சதவீதம் இடம் கூடினால் விற்பனை 1.7 சதவீதம்தான் கூடுகிறது என்று வந்தது. ஆக, ஒரு முகப்பின் பெரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அது எத்தனை நாள் விற்பனையைத் தாங்குகிறது என்பதில்தான்.

இதற்கான அளவுக்கு ‘இருப்பு நாள்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். தட்டில் ஒரு பொருள் முழுதாக அடுக்கினால் எத்தனை பிடிக்குமோ, அதை ஒரு நாள் சராசரி விற்பனையால் வகுத்தால் இருப்பு நாள் கிடைக்கும். எத்தனை பிடிக்கும் என்பது முகப்பையும் ஆழத்தையும் பெருக்கினால் வரும், மேலே அடுக்க முடிந்தால் உயரத்தையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 120 செ.மீ., ஆழம் 40 செ.மீ. ஷாம்பு பாட்டிலின் அகலம், கை நுழைய விடும் இடைவெளியோடு 8 செ.மீ., பருமன் 5 செ.மீ. அப்படியானால் 15 முகப்பு கிடைக்கும், ஒவ்வொரு முகப்புக்கும் பின்னோக்கி 8 பாட்டில் நிற்கும். மொத்தம் 120 பாட்டில். இதில் நான்கு வகை ஷாம்பு வைக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பச்சை 12, நீலம் 6, மஞ்சள் 3, வெள்ளை 1 விற்கிறது.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 4, 4, 4, 3 எனப் பிரித்தால் பச்சையில் 32 பாட்டில் நிற்கும். மூன்றாம் நாள் முடியுமுன்பே தீர்ந்துவிடும். வெள்ளையோ 24 நாளுக்கு அசையாமல் நிற்கும். ஆகவே விற்பனை விகிதப்படி 8, 4, 2, 1 என்று பிரிக்கிறோம். இப்போது முதல் மூன்றுக்கும் இருப்பு நாள் 5.3, வெள்ளைக்கு 8. செவ்வாய்க் காலையும் வெள்ளிக் காலையும் கடை திறக்குமுன் தட்டை நிரப்புகிறார்கள். நிரப்புகளுக்கு இடையே அதிகபட்சம் 4 நாள்தான், 5.3 தாராளம் என்று தோன்றும்.

சராசரி இங்கேதான் ஏமாற்றுகிறது. பச்சை வாரத்துக்கு 84 போகிறது, ஆனால் சமமாகப் போவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு 8, வெள்ளி 12, சனியும் ஞாயிறும் தலா 20. செவ்வாய் முதல் வியாழன் வரை 24 பாட்டில் தான் குறையும், தட்டில் பாதிக்கு மேல் நிற்கும். வெள்ளி முதல் திங்கள் வரை 60 குறையும். 64 பாட்டில் பிடிக்கும் இடத்தில் திங்கள் இரவு மிஞ்சுவது 4. எட்டு முகப்பில் குறைந்தது நான்கு வெறுமையாக இருக்கும். ஒரு வாரம் கொஞ்சம் அதிகமாகப் போனால் பச்சையே இருக்காது. முகப்பைத் தீர்மானிக்க வேண்டியது ஒரு நாள் சராசரியல்ல, இரண்டு நிரப்புகளுக்கு இடையே வரும் மிகக் கனமான இடைவெளியின் விற்பனை.

இப்போது ஞாயிறு காலையில் ஒரு நிரப்பு சேர்ப்போம். வெள்ளியும் சனியும் சேர்ந்து 32, ஞாயிறும் திங்களும் சேர்ந்து 28, மற்ற மூன்று நாள் 24. மிகக் கனமான இடைவெளியே 32 ஆகிவிட்டது. பச்சைக்கு 6 முகப்பு, அதாவது 48 பாட்டில் இருந்தாலே நல்ல உபரியோடு ஓடும். வாரத்துக்கு ஒரு தடவை கூடுதலாக ஆள் வந்து நிரப்பியதில் 16 செ.மீ. தட்டு விடுபட்டது. நிரப்பும் நேரமும் தட்டின் இடமும் ஒன்றை ஒன்று ஈடு செய்யும் என்பதைச் செ.மீ. கணக்கில் பார்க்கும்போதுதான், அடுக்கு வரைபடம் போடுகிறவரும் நிரப்புகிறவர்களின் வேலை நேரத்தை வகுக்கிறவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது புரியும். பெரும்பாலும் இருவரும் தனித்தனியாகவே முடிவெடுக்கிறார்கள். தட்டு காலியாவது அந்த இடைவெளியில்தான்.

விடுபட்ட இரண்டு முகப்பை எங்கே கொடுப்பது? புதுப் பொருள் ஒன்றை நுழைக்க ஆசை வரும். முதலில் அட்டைப்பெட்டியைப் பார்க்க வேண்டும். ஷாம்பு 12 பாட்டில் கொண்ட பெட்டியாக வருகிறது. வெள்ளைக்கு ஒரே முகப்பு, 8 பாட்டில். தட்டு முழுக்கக் காலியாக இருந்தாலும் ஒரு பெட்டி அதில் அடங்காது. 8 ஏறும், 4 பிரித்த பெட்டியோடு கிடங்குக்குத் திரும்பும். அடுத்த தடவை அந்த நாலைத் தேடி எடுத்து வர வேண்டும். ஒரே பொருளை இரண்டு தடவை தூக்குகிறோம், பாதிப் பெட்டிகள் கிடங்கை அடைக்கின்றன, சில சமயம் அங்கேயே மறக்கப்படுகின்றன. இதற்காகத்தான் தட்டில் குறைந்தது ஒன்றரைப் பெட்டியாவது பிடிக்க வேண்டும் என்று பலரும் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கு இன்னொரு முகப்பு கொடுத்தால் 16. கைக்கணக்குக்கு இரண்டு குறைவுதான், ஆனாலும் 4 மிஞ்சும்போது ஒரு முழுப் பெட்டி அப்படியே ஏறிவிடும். விற்பனையை மட்டும் பார்த்தால் வெள்ளைக்கு 16 நாள் இருப்பு வீண் என்று தோன்றும், பெட்டியைப் பார்த்தால் அது சரியான இடம்.

மற்ற முகப்பை மஞ்சளுக்குக் கொடுப்பேன். மஞ்சளும் பச்சையைப் போலவே, அதில் கால் பங்காக, நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். இரண்டு முகப்பில் வெள்ளியன்று நிறைத்துவிட்டால் ஞாயிறு காலையில் 8 தான் குறைந்திருக்கும், பெட்டி ஏறாது. மூன்று முகப்பு, 24 பாட்டில் என்றால் வெள்ளியன்று நிரப்பத் தேவையில்லை, செவ்வாய் முதல் சனி வரை 14 குறைந்து, ஞாயிறன்று ஒரு பெட்டி முழுதாக ஏறும். அடுத்த பெட்டி அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. இடையில் எந்த நாளும் 9-க்குக் கீழே இறங்காது.

கணக்கு சரியாக இருந்தும் ஒரு தட்டு கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னிழுத்துவிட்ட தட்டு எப்போதும் நிறைந்ததுபோலவே தெரியும். நாலு அடி தள்ளி நின்று பார்த்தால் ஏமாந்துவிடுவோம், முதல் பாட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, காலியான இடம் கண்ணை உறுத்துகிறது என்று பக்கத்துப் பொருளைப் பரப்பி மூடிவிடுவது. பச்சையின் இடத்தில் நீலம் நான்கு நின்றால், பச்சைப் பெட்டி வரும் நாளில் இடமில்லை என்று அது கிடங்குக்கே போகும். விளிம்பில் ஒட்டிய விலைச்சீட்டும் அதன் மேல் நிற்கும் பொருளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரியும்.

கண்ணுக்கே தெரியாத பிழை விற்பனைக் கணக்கில் இருக்கிறது. வாரம் இரண்டு நிரப்பில் பச்சைக்கு 7 முகப்புதான் கொடுத்திருந்தோம் என்று வையுங்கள், 56 பாட்டில். ஞாயிறு இரவுக்குள் 52 போய்விடும், திங்களன்று 4 விற்று நின்றுவிடும். கணினி அந்த வாரத்துக்கு 84-க்குப் பதில் 80 என்று காட்டும். கேட்டு வந்து கிடைக்காமல் போனவர்கள் அதில் இல்லை. அந்த எண்ணை வைத்து அடுத்த வரைபடம் போட்டால் பச்சையின் பங்கு இன்னும் குறையும், இன்னும் சீக்கிரம் காலியாகும். பில்களை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது பிடிபடும். திங்கள் மதியத்துக்கு மேல் பச்சை ஒரு பில்லிலும் இல்லாமல், நீலமும் மஞ்சளும் வழக்கம்போல ஓடியிருந்தால், பச்சையின் தேவை குறையவில்லை, தட்டுதான் காலியாக இருந்திருக்கிறது. அந்த மதியங்களை நீக்கிவிட்டுச் சராசரி எடுத்த பிறகே முகப்பு எண்ணைத் தொட வேண்டும்.