இணக்கம் குலைவதும் தூண்டுவதும் ஒன்றல்ல

“புதுச் சந்தையில இருபது கடை. பதினெட்டு அவங்கட ஆக்களுக்கு. கேட்டா குலுக்கல் எண்டு சொல்றாங்க, குலுக்கின கையும் அவங்கடதானே. நம்மட சனம் அந்தப் பக்கம் போகாம விட்டாத்தான் அவங்களுக்கு விளங்கும்.”

இது ஒரு முகநூல் பதிவு. உண்மைப் பதிவு அல்ல, மாதிரி நீதிமன்றப் பயிற்சிக்காக நான் கட்டிய வழக்கு. எழுதியவர் இல்லாத ஓர் ஊரின் தச்சர். அவரைத் தொடர்கிறவர்கள் நானூறு பேர், பதிவைப் பகிர்ந்தவர்கள் முப்பத்தேழு பேர். மூன்று வாரம் கழித்துப் பொலிஸ் வந்தது. மேல் நீதிமன்றத்தில் விளக்கம் நடந்து இரண்டு வருடக் கடூழியச் சிறை விழுந்தது. இப்போது மேன்முறையீடு. மட்டக்களப்பில் என் அலுவலகத்துக்குப் பின்னேரங்களில் வரும் சட்ட மாணவர்கள் நாலு பேரில் ஒரு பிள்ளைக்கு மேன்முறையீட்டாளரின் ஆரம்ப வாதம். கதையைக் கற்பனையாகக் கட்டினேனே தவிர, இப்படி எழுதுகிறவர்களை எங்கள் ஊர்களில் தேடிப் போகத் தேவையில்லை. அதனால்தான் அந்த ஒத்திகையை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவர இயற்றப்பட்டது. உரிமை தரும் பெயர், ஆனால் நமது மக்கள் அதைச் சந்திப்பது 3ஆம் பிரிவில்தான். பாரபட்சத்தையோ பகைமையையோ வன்செயலையோ தூண்டுவதாக அமையும்படி தேசிய, இன, மத வெறுப்பை ஆதரித்துப் பேசுவது அந்தப் பிரிவின் கீழ்க் குற்றம். பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். பிணையை நீதவான் தர முடியாது. விதிவிலக்கான சூழ்நிலை காட்டினால் மேல் நீதிமன்றம் தரலாம். பெரும்பாலானவர்களுக்கு உண்மையான தண்டனை இந்தப் பிணை விதிதான். வழக்கு எப்படி முடிந்தாலும் உள்ளே இருந்த மாதங்கள் திரும்பி வராது.

பிள்ளை முதல் நாள் எழுதி வந்த ஆரம்பம் பேச்சுரிமையின் மகத்துவத்தில் தொடங்கி, அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டு பிராண்டன்பேர்க் வழக்கைத் தொட்டு, இந்தியாவின் 2015ஆம் ஆண்டு ஷ்ரேயா சிங்கால் வழக்குக்கு வந்து, “ஆகவே 3ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, அதை வெற்றாக்க வேண்டும்” என்று முடிந்தது. வாசிப்பு அழகாக இருந்தது. நான் நீதியரசராக இருந்து ஒரே கேள்விதான் கேட்டேன்: “எந்த அதிகாரத்தில் வெற்றாக்கச் சொல்கிறீர்கள்?”

பிள்ளை என் முகத்தையே பார்த்தது.

இலங்கையில் ஒரு சட்டமூலம் சட்டமாகிச் சான்றுரை பெற்றுவிட்டால், எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் அதன் வலிதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அது. சட்டமூலமாக இருக்கும்போது உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், பிறகு கதவு பூட்டு. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை அடித்ததுபோல இங்கே நடக்காது. அவசரகால ஒழுங்குவிதி என்றால் கதை வேறு. பொலிஸ் அனுமதி இல்லாமல் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூடாது என்ற ஒழுங்குவிதியை ஜோசப் பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் 1987இல் செல்லாதென்றது. அது ஒழுங்குவிதி, பாராளுமன்றச் சட்டம் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பவே தேவையில்லை.

இந்தியத் தீர்ப்பை அப்படியே எடுக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 19(2)இல் மட்டுப்பாடு “நியாயமானதாக” இருக்க வேண்டும் என்ற சொல் இருக்கிறது. நமது 15(2)இல் அந்தச் சொல்லே இல்லை. இன, மத இணக்கத்தின் நலனுக்காகவும், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, தவறொன்றைச் செய்யத் தூண்டுதல் ஆகியவை தொடர்பிலும் சட்டத்தால் மட்டுப்பாடு விதிக்கலாம் என்று மட்டும் சொல்கிறது.

“அப்ப எங்களுக்கு என்னதான் சேர் இருக்கு?”

இருப்பது தீர்ப்பு. மேன்முறையீட்டாளருக்காக எழும்புகிறவர் பேச்சுரிமைக்காக வாதாடவில்லை, ஒரு தீர்ப்பில் உள்ள ஒரு பிழையைக் காட்டுகிறார். நான் கட்டிய தீர்ப்பின் 14ஆம் பந்தியில் அந்தப் பிழையை ஒளித்துவைத்திருந்தேன். “இப்பதிவு இரு சமூகங்களுக்கு இடையிலான இணக்கத்தைக் குலைக்கக்கூடியது, ஆகவே எதிரியைக் குற்றவாளியாகக் காண்கிறேன்.” வாசித்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் “இணக்கம்” என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அரசியலமைப்பின் 15(2)இல் இருக்கிறது. 3ஆம் பிரிவு தவறை வரையறுக்கும் இடத்தில் இல்லை. 15(2) பாராளுமன்றத்துக்குப் போட்டுக்கொடுத்த வேலி. அதற்குள் நின்று பாராளுமன்றம் குற்றமாக்கியது தூண்டுதலை. நீதிபதி குற்றத்தின் கூறை விட்டுவிட்டு வேலியை எடுத்துத் தண்டித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளை எழுதி வந்ததை, கொஞ்சம் திருத்தி, முழுதாகத் தருகிறேன். நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்குள் முடியும்.

“கனம் நீதியரசர்களே, மேன்முறையீட்டாளருக்காக நான் தோன்றுகிறேன். இந்த மேன்முறையீட்டில் ஒரேயொரு சட்டக் கேள்வி இருக்கிறது. மேன்முறையீட்டாளர் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டார். அந்தப் பிரிவு கேட்பது தூண்டுதலை. கற்றறிந்த மேல் நீதிமன்ற நீதிபதி கண்டது இணக்கக் குலைவை. தீர்ப்பின் 14ஆம் பந்தியைத் தயவுசெய்து பார்க்கவும். யாரை, எதைச் செய்யும்படி இந்தப் பதிவு தூண்டியது என்ற கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. தீர்ப்பின் வேறெந்தப் பந்தியிலும் கேட்கப்படவில்லை.

இந்தச் சட்டத்தின் வலிதை ஆராயுமாறு நான் கேட்கவில்லை. 80(3)ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. அரசியலமைப்புக்குப் புதிதாகப் பொருள்கோடல் செய்யுமாறும் கேட்கவில்லை. அடிப்படை உரிமைகளை மதித்துப் பேணி மேம்படுத்துமாறு 4(ஈ)ஆம் உறுப்புரை அரசின் எல்லா அங்கங்களுக்கும் இட்ட கட்டளையின்படி, 3(1)ஐ அதன் சொற்களுக்கு அப்பால் விரிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

சொற்களின்படி வழக்குத்தொடுநர் இரண்டு விடயங்களை நிரூபிக்க வேண்டும். முதலாவது, வெறுப்பை ஆதரித்துப் பேசியமை. இரண்டாவது, அந்தப் பேச்சு தூண்டுதலாக அமைந்தமை. பதிவின் கோபம் ஒரு கடை ஒதுக்கீட்டைப் பற்றியது. அது கிடந்த மூன்று வாரத்தில் ஒரு கல்லும் எறியப்படவில்லை, ஒரு கடையும் மூடப்படவில்லை என்பதை வழக்குத்தொடுநரின் இரண்டாம் சாட்சியே ஒப்புக்கொண்டார். இரண்டு கூறுகளும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை. குற்றத்தீர்ப்பையும் தண்டனையையும் நீக்கி, மேன்முறையீட்டாளரை விடுவிக்குமாறு வேண்டுகிறேன்.”

“அரசியலமைப்புக்குப் பொருள்கோடல் செய்யக் கேட்கவில்லை” என்ற வசனம் சும்மா மரியாதைக்குப் போட்டதல்ல. அந்த அதிகாரம் 125ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அப்படி ஒரு கேள்வியைக் கிளப்பினால் அதை அங்கே அனுப்பத்தான் வேண்டும், வழக்கு நடுவழியில் நிற்கும்.

ஐக்கிய நாடுகளின் 2012ஆம் ஆண்டு ரபாத் செயற்திட்டத்தைப் பிள்ளை ஆரம்பத்திலேயே போடப் பார்த்தது. சூழல், பேசியவர், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நடக்கும் சாத்தியம் என்று, ஒரு பேச்சு தூண்டுதலாகுமா எனப் பார்க்க ஆறு அளவுகோல்கள் அதில் உண்டு. நல்ல கருவிதான், ஆனால் இரண்டாவது இடத்தில் வர வேண்டியது. முதலில் வைத்தால், “இது எங்களைக் கட்டுப்படுத்துமா?” என்று கேட்பார்கள். கட்டுப்படுத்தாது. சர்வதேச ஒப்பந்தம் தானாக இங்கே சட்டமாகாது என்பதை 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது சிங்கராசா வழக்கில். 1993இல் நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் கைதானவர் அவர். அடுத்த வருடமே இந்த 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆகவே சட்டத்தின் சொல்லை முதலில் பிடித்து, அந்தச் சொல் சமவாயத்திலிருந்து வந்தது என்று காட்டி, அதற்குப் பிறகுதான் ரபாத்துக்குப் போக வேண்டும்.

2020இல் முகநூல் பதிவுக்காக இதே சட்டத்தின் கீழ்க் கைதான ரம்சி ராசிக்கின் உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்த்தது. அதைப் பாவிக்கலாம், ஆனால் அது அடிப்படை உரிமை வழக்கு, கைது சரியா என்ற கேள்வி. மேன்முறையீட்டில் அதைச் சொல்லும் முறை இதுதான்: கைது செய்வதற்கே இப்படி ஒரு எல்லை இருந்தால், குற்றவாளியாகக் காண்பதற்கு எல்லை அதைவிட மேலே இருக்க வேண்டும்.

ஒத்திகையில் நான் கடைசியாகக் கேட்டது பதிவின் கடைசி வசனத்தை. “அந்தப் பக்கம் போகாதே என்பது பாரபட்சத்துக்குத் தூண்டுவது இல்லையா?” இந்த வழக்கின் மெலிந்த இடம் அதுதான். பிள்ளை முதலில், “அவங்கட ஆக்கள் என்றால் பிரதேச சபைக்காரர், சமூகம் அல்ல” என்று சொல்லித் தப்பப் பார்த்தது. நமது பேச்சில் அப்படியும் பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது விளக்க நீதிபதி சாட்சிகளைக் கேட்டு எடுத்த முடிவு; மேன்முறையீட்டில் அதை இலகுவில் தொடமாட்டார்கள்.

நான் சொல்லிக்கொடுத்தது விட்டுக்கொடுத்துப் பிடிக்கிற மறுமொழி. “சமூகத்தையே குறித்தது என்று வைத்துக்கொண்டாலும், கனம் நீதியரசரே, போகாமல் விடச் சொன்ன காரணம் ஒதுக்கீடு. காரணம் அவர்களின் இனமோ மதமோ என்று பதிவு சொல்லியிருந்தால் என் வாதம் நின்றிருக்காது.” இவ்வளவு விட்டுக்கொடுக்கலாமா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். எல்லை எங்கே என்று தானே காட்டுகிற சட்டத்தரணியிடம் நீதிபதி அடுத்த கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்பார். என் அனுபவம் அப்படி. எங்கள் மூலையில் உட்கார்ந்திருந்த, சட்டமா அதிபருக்காகத் தோன்றும் தம்பி மட்டும் அந்த வசனத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, “நம்மட சனம் எண்ட சொல் இருக்கே சேர், அது என்ன காரணம்?” என்றான்.

பிள்ளை அன்றிரவு திரும்ப எழுத வேண்டியதாகிவிட்டது.